நான்கு பக்கங்களும் ஓர் அடிக்குறிப்பும்: ப்ராக் ராக்கில் கான்செப்ட் ஆல்பம் பிறந்த கதை

1970களின் ஆங்கில ராக் இசையைப் பற்றிப் படிக்கத் தொடங்குபவர்களை ஒரு விஷயம் குழப்பும். ஒரே ஆல்பத்தை ஒருவர் அந்தக் காலத்தின் உச்சம் என்று எழுதியிருப்பார். இன்னொருவர் ராக் இசை கெட்டுப்போனதற்கு அதையே சாட்சியாகக் காட்டியிருப்பார். யெஸ் என்ற இங்கிலாந்துக் குழு 1973 டிசம்பரில் வெளியிட்ட ‘டேல்ஸ் ஃப்ரம் டோபோகிராஃபிக் ஓஷன்ஸ்’ அப்படிப்பட்ட ஆல்பம். இரண்டு இசைத்தட்டுகள், நான்கு பக்கங்கள், பக்கத்துக்கு ஒரே ஒரு பாட்டு, மொத்தம் சுமார் 81 நிமிடம். பிரிட்டனில் விற்பனைப் பட்டியலின் முதலிடத்தில் இரண்டு வாரம் இருந்தது. அதே சமயம், ராக் இசையை நீண்ட, சிக்கலான வடிவங்களுக்குக் கொண்டுபோன ‘ப்ராக் ராக்’ வகையில், வசை வாங்கியதிலும் அதற்கு நிகரான ஆல்பங்கள் குறைவு.

இந்தச் சண்டையை ரசனை வேறுபாடு என்று சொல்லி ஒதுக்கிவிட முடியாது. ‘கான்செப்ட் ஆல்பம்’ என்ற வடிவம் எப்படி உருவானது என்று பார்த்தால்தான் இரண்டு தரப்பும் எதைப் பேசின என்பது புரியும்.

கான்செப்ட் ஆல்பம் என்றால் என்ன?

ஓர் ஆல்பத்தில் உள்ள பாடல்கள் தனித்தனியாக நிற்காமல், ஏதோ ஒன்றால் கட்டப்பட்டு ஒரே படைப்பாக நின்றால் அது கான்செப்ட் ஆல்பம். அந்த ‘ஏதோ ஒன்று’ மூன்று வகையாக இருக்கலாம்.

1. ஒரு பொருள் அல்லது மனநிலை. 1955இல் ஃப்ராங்க் சினாட்ரா பின்னிரவுத் தனிமைப் பாடல்களை மட்டும் சேர்த்து வெளியிட்ட ‘இன் தி வீ ஸ்மால் ஹவர்ஸ்’ இந்த வகை. இது ராக் இசைக்கு வெளியே, அதற்கு முன்பே இருந்தது.

2. ஒரு கதை. 1969இல் தி ஹூ குழு வெளியிட்ட ‘டாமி’, பார்வையும் கேட்கும் திறனும் பேச்சும் இழந்த ஒரு சிறுவனின் கதையைப் பாடல் பாடலாகச் சொன்னது.

3. இசையின் கட்டமைப்பு. ஒரு மெட்டு ஓரிடத்தில் தோன்றி, அரை மணி நேரம் கழித்து வேறு தாளத்தில் திரும்ப வருவது. பாடல்களுக்கு நடுவே இடைவெளியே இல்லாமல் போவது. முழு ஆல்பத்தையும் சேர்த்துக் கேட்டால்தான் இது காதில் விழும்.

ப்ராக் ராக் குழுக்கள் மூன்றாவது வகையில்தான் அதிகம் உழைத்தன. ஆனால் விமர்சகர்கள் பெரும்பாலும் முதல் இரண்டைத்தான் எடைபோட்டார்கள், அதாவது பாடல் வரிகளையும் கதையையும். சண்டையில் பாதி இந்த இடத்தில்தான் ஆரம்பிக்கிறது.

இருபது நிமிடப் பக்கம்

12 அங்குல எல்.பி. இசைத்தட்டை கொலம்பியா நிறுவனம் 1948இல் கொண்டுவந்தது. அதற்கு முந்தைய தட்டுகளில் ஒரு பக்கத்துக்கு மூன்று நான்கு நிமிடங்கள்தான் கிடைக்கும். எல்.பி.யில் இருபது நிமிடத்துக்கு மேல் கிடைத்தது. சிம்பொனியை அதிகம் வெட்டாமல் கேட்கலாம் என்பதால் மேற்கத்திய சாஸ்திரிய இசைக்காரர்களுக்கு இது பெரிய வரம். பாப் இசையோ பல ஆண்டுகள் இதைப் பொருட்படுத்தவில்லை. வெற்றி பெற்ற இரண்டு மூன்று சிங்கிள்களோடு, இடத்தை நிரப்ப வேறு சில பாடல்களைச் சேர்த்து எல்.பி. என்று விற்றார்கள்.

இந்த இருபது நிமிடக் கணக்கு எங்கிருந்து வருகிறது? தட்டில் ஒலி ஒரு பள்ளமாக வெட்டப்படுகிறது. ஒலி பெரிதாகவும், குறிப்பாகக் கீழ்ஸ்தாயி அழுத்தமாகவும் இருந்தால் பள்ளம் பக்கவாட்டில் அகலமாக ஆடும், இடம் அதிகம் பிடிக்கும். நேரத்தைக் கூட்ட வேண்டுமென்றால் பள்ளங்களை நெருக்கி வெட்ட வேண்டும். அப்போது ஒலியின் அளவைக் குறைத்தாக வேண்டும். ஒரு பக்கம் 22 நிமிடத்தைத் தாண்டினால் பேஸும் டிரம்ஸும் மெலியத் தொடங்கும். ஆகவே உரத்து வாசிக்கும் ராக் குழுவுக்கு ஒரு பக்கம் என்பது ஏறக்குறைய இருபது நிமிடம். இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் யெஸ் குழுவின் கழுத்தைப் பிடித்தது இதுதான்.

மூடி ப்ளூஸ் முதல் ஜெத்ரோ டல் வரை

1967 ராக் இசைக்குத் திருப்புமுனை ஆண்டு. பீட்டில்ஸின் ‘சார்ஜெண்ட் பெப்பர்’ வந்தது. அதன் உறையிலேயே பாடல் வரிகள் அச்சாகியிருந்தன. வேறொரு கற்பனைக் குழு நடத்தும் கச்சேரி என்ற சட்டகம் அதற்கு உண்டு. அந்தச் சட்டகத்துக்கும் தன் பாடல்களுக்கும் சம்பந்தமே இல்லை என்று ஜான் லெனன் பிற்பாடு சொன்னார். இருந்தாலும் கேட்டவர்கள் அதை ஒரே படைப்பாகத்தான் கேட்டார்கள். விமர்சகர்களின் சண்டையும் அப்போதே தொடங்கிவிட்டது. நியூயார்க் டைம்ஸில் ரிச்சர்ட் கோல்ட்ஸ்டீன், ஸ்டுடியோ ஜாலங்கள் மிகுந்து பாட்டு உள்ளீடற்றுப் போய்விட்டது என்ற தொனியில் எழுத, வாசகர்கள் கொதித்துப்போய்க் கடிதங்கள் எழுதினார்கள்.

அதே ஆண்டு நவம்பரில் மூடி ப்ளூஸ் குழுவின் ‘டேஸ் ஆஃப் ஃப்யூச்சர் பாஸ்ட்’ வந்தது. விடியலில் தொடங்கி இரவில் முடியும் ஒரு நாள்தான் அதன் பொருள். இதன் பிறப்பில் வணிகக் காரணம் ஒன்று இருக்கிறது. டெக்கா நிறுவனம் தன் புதிய டெரம் முத்திரையின் ஸ்டீரியோ தொழில்நுட்பத்தைக் காட்ட ஒரு மாதிரித் தட்டு தேடிக்கொண்டிருந்தது. த்வோர்ஷாக்கின் ‘புதிய உலகம்’ சிம்பொனியை ராக் பாணியில் வாசிக்கச் சொன்னார்கள், குழு அதை விட்டுவிட்டுத் தன் சொந்தப் பாடல்களைப் பதிவு செய்தது என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கதை. எப்படியோ, பீட்டர் நைட் எழுதிய இசைக்குழுப் பகுதிகள் பாடல்களுக்கு நடுவே இணைப்பாக வந்தன. கவனித்துக் கேட்டால், ராக் குழுவும் பெரிய இசைக்குழுவும் சேர்ந்து வாசிக்கும் இடங்கள் மிகக் குறைவு என்பது தெரியும். ஒன்று முடிய மற்றொன்று தொடங்கும். பொருள் ஒன்றுதான், இசை இன்னும் ஒன்றாகவில்லை.

அடுத்த ஐந்து ஆண்டுகளில் அந்த ஒட்டுவேலை மறைந்தது. பெரிய இசைக்குழுவின் வேலையை மெல்லோட்ரான், ஆர்கன், சிந்தசைசர் ஆகியவற்றால் ராக் குழுக்கள் தாங்களே செய்யக் கற்றுக்கொண்டன. 1972 செப்டம்பரில் யெஸ் வெளியிட்ட ‘க்ளோஸ் டு தி எட்ஜ்’ இந்த வளர்ச்சியின் உச்சம் என்பது என் கருத்து. ஒரு பக்கம் முழுக்க ஒரே பாட்டு, 18 நிமிடத்துக்குச் சற்று மேல். அதில் நான்கு பகுதிகள். முதலில் வேகமாக வரும் மெட்டு கடைசியில் விரிந்து திரும்புகிறது. கதை என்று சொல்ல எதுவும் இல்லை. ஆனால் எங்கே கிளம்பினோம், எங்கே வந்து சேர்ந்தோம் என்பது காதுக்குத் தெளிவாகத் தெரியும்.

இதற்குள் ‘கான்செப்ட் ஆல்பம்’ என்ற பெயரே பத்திரிகைகளின் வழக்கமாகிவிட்டது. ஜெத்ரோ டல் குழுவின் ‘அக்வாலங்’ 1971இல் வந்தபோது விமர்சகர்கள் அதையும் அப்படித்தான் அழைத்தார்கள். குழுத் தலைவர் இயன் ஆண்டர்சன் மறுத்துப் பார்த்தார். அப்புறம், இவர்களுக்கு வேண்டியது கான்செப்ட் ஆல்பம்தானே என்று, அந்த வகையையே கேலி செய்து ‘திக் அஸ் அ ப்ரிக்’ செய்தார். 1972இல் வந்த அந்த ஆல்பத்தில் இரண்டு பக்கமும் ஒரே பாட்டு. வரிகளை ஜெரால்ட் பாஸ்டாக் என்ற எட்டு வயதுச் சிறுவன் எழுதியதாக ஒரு பொய்க் கதை; உறையே ஒரு முழு உள்ளூர்ச் செய்தித்தாள். கேலியாகப் பிறந்தது அமெரிக்க விற்பனைப் பட்டியலில் முதலிடம் போனது. இதில் கவனிக்க வேண்டியது, அதன் இசை உண்மையிலேயே கவனமாகக் கட்டப்பட்டது என்பதுதான். கேலி செய்ய வந்தவரும் வடிவத்தை ஒழுங்காகச் செய்தாக வேண்டியிருந்தது.

83ஆம் பக்க அடிக்குறிப்பு

சரி, யெஸ் குழுவுக்கு வருவோம். 1973 மார்ச்சில் அவர்கள் ஜப்பான் சுற்றுப்பயணத்தில் இருந்தார்கள். பாடகர் ஜான் ஆண்டர்சன் (ஜெத்ரோ டல் ஆண்டர்சனுக்கும் இவருக்கும் உறவு இல்லை) டோக்கியோ ஹோட்டல் அறையில் பரமஹம்ச யோகானந்தரின் ‘ஒரு யோகியின் சுயசரிதம்’ படித்துக்கொண்டிருந்தார். அந்தப் புத்தகத்தை அவருக்குச் சொன்னவர் கிங் கிரிம்ஸன் குழுவின் ஜேமி மியூர். 83ஆம் பக்கத்தில் ஒரு நீண்ட அடிக்குறிப்பு அவரைப் பிடித்துக்கொண்டது. இதை ஆண்டர்சனே ஆல்பத்தின் உறைக்குறிப்பில் எழுதியிருக்கிறார்.

அந்த அடிக்குறிப்பு சாஸ்திரங்களை நான்காகப் பிரிக்கிறது: சுருதி, ஸ்மிருதி, புராணம், தந்திரம். ஒவ்வொன்றுக்கும் சில சொற்களில் ஆங்கில விளக்கமும் தருகிறது. வெளிப்படுத்தப்பட்டது சுருதி, நினைவில் வைக்கப்பட்டது ஸ்மிருதி, பழமையானவை புராணங்கள், சடங்குகள் தந்திரம். இப்போது ஆல்பத்தின் நான்கு பாடல்களின் தலைப்புகளைப் பாருங்கள்: ‘தி ரிவீலிங் சயன்ஸ் ஆஃப் காட்’, ‘தி ரிமெம்பரிங்’, ‘தி ஏன்ஷியன்ட்’, ‘ரிச்சுவல்’. அடிக்குறிப்பின் விளக்கச் சொற்களே தலைப்புகளாகி, அதே வரிசையில் நிற்கின்றன.

வேதங்கள், இதிகாசங்கள், புராணங்கள், ஆகமத் தந்திர நூல்கள் என்று இந்தச் சொற்களைக் கேட்டே வளர்ந்த தமிழ் வாசகருக்கு ஒரு விஷயம் உடனே தெரியும். அந்த நூல்களின் உள்ளடக்கம் எதுவும் ஆல்பத்தில் இல்லை. மூன்றாம் பக்கத்தில் சூரியனுக்குப் பல மொழிகளில் உள்ள பெயர்களை ஆண்டர்சன் அடுக்கும்போது இந்தியின் ‘தூப்’ வருகிறது. அதுவும் ஒலிக்காக வரும் சொல்தான். அடிக்குறிப்பு அவர்களுக்குத் தந்தது தத்துவத்தை அல்ல, நான்கு என்ற எண்ணை. இரட்டை ஆல்பத்துக்கு நான்கு பக்கங்கள் இருந்தன. எண் அச்சாகப் பொருந்தியது.

இதைக் குறையாக நான் சொல்லவில்லை. இசையமைப்பாளர்கள் காலங்காலமாக இப்படி வெளியிலிருந்து ஒரு சட்டகத்தை எடுத்துக்கொண்டு உள்ளே தங்கள் இசையை நிரப்பியிருக்கிறார்கள். ஆனால் சட்டகத்தின் அளவு முதலிலேயே முடிவாகிவிட்டால், அதற்குத் தேவையான இசை கையில் இருக்கிறதா என்ற கேள்வி வரும். இந்த ஆல்பத்தின் பிரச்சினை அதுதான்.

ஸ்டுடியோவில் நடந்தது

ஆண்டர்சனும் கிதார் கலைஞர் ஸ்டீவ் ஹவும் சுற்றுப்பயணத்தின்போதே ஹோட்டல் அறைகளில் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் உட்கார்ந்து திட்டம் போட்டார்கள். அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்து சவான்னா நகரில் ஓர் இரவு தொடங்கிய அமர்வு காலை ஏழு மணி வரை நீண்டு, நான்கு பகுதிகளின் அடிப்படையும் அப்போது உருவானது என்று உறைக்குறிப்பு சொல்கிறது. மற்ற மூவரான கிறிஸ் ஸ்குவயர், ரிக் வேக்மேன், ஆலன் வைட் ஆகியோரிடம் அதன் பிறகுதான் விஷயம் போனது. அதாவது, நீளம் முடிவான பிறகு.

பதிவு லண்டன் மார்கன் ஸ்டுடியோவில் எடி ஆஃபர்டின் பொறுப்பில் நடந்தது. ஆண்டர்சனுக்குக் காட்டுக்குள் போய்ப் பதிவு செய்ய ஆசை. வேறு சிலருக்கு நகரமே போதும். கடைசியில் ஸ்டுடியோவுக்குள் வைக்கோல் கட்டுகளும் அட்டையில் வெட்டிய பசுக்களும் வைக்கப்பட்டன. இந்தப் பசுக்களைப் பற்றி எழுதாத பத்திரிகைக்காரர் இல்லை. உண்மையான சிக்கல் கீபோர்டு பக்கத்தில் இருந்தது. வேக்மேன் ராயல் காலேஜ் ஆஃப் மியூசிக்கில் படித்து, படிப்பை முடிக்காமல் வெளியேறியவர். எழுதி அடுக்கப்பட்ட இசையில் அவருக்குத் தேர்ச்சி அதிகம். இங்கோ வாசித்துப் பார்த்துத் தேடும் வேலை நிறைய. தான் செய்ய எதுவும் இல்லை என்று உணர்ந்தவர், பக்கத்து ஸ்டுடியோவில் பதிவு செய்துகொண்டிருந்த பிளாக் சபாத் குழுவுக்குப் போய் ஒரு பாட்டில் வாசித்துக் கொடுத்தார்.

ஆல்பத்தைப் பற்றி மிகக் கூர்மையான விமர்சனத்தைச் சொன்னவரும் வேக்மேன்தான். ஓர் ஆல்பத்துக்கு அதிகமாகவும் இரண்டு ஆல்பங்களுக்குக் குறைவாகவும் இசை இருந்தது, ஆகவே நீட்டினோம் என்பது அவர் பல நேர்காணல்களில் சொன்ன கருத்து. முன்பு பார்த்த இருபது நிமிடக் கணக்கு இங்கே வேலை செய்கிறது. நாற்பது நிமிடத்துக்கு ஒரு தட்டு, எண்பதுக்கு இரண்டு. அறுபது நிமிடத்துக்கு எல்.பி. உலகில் நல்ல வடிவமே இல்லை. மூன்று பக்கம் வெளியிட்டு நான்காவதைக் காலியாக விடலாம், அல்லது வெட்டலாம், அல்லது நீட்டலாம். நான்கு சாஸ்திரங்கள் என்ற சட்டகம் வந்த பிறகு முதல் இரண்டு வழியும் அடைபட்டுவிட்டன.

எங்கே நீட்டல் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? ஒரு மெட்டு திரும்ப வரும்போது அதில் ஏதாவது மாறியிருக்கிறதா என்று பாருங்கள். முதல் பக்கத்தில் மந்திரம் ஓதுவது போன்ற தொடக்கக் குரல் வரிகளிலிருந்து அடுத்தடுத்த பகுதிகள் கிளைக்கின்றன. இருபது நிமிடமும் அசைவு இருக்கிறது. நான்காம் பக்கத்தில் ஸ்குவயரின் பேஸ் தனிவாசிப்பும், பலர் சேர்ந்து அடிக்கும் தாளவாத்தியப் பகுதியும் வந்து, பிறகு அமைதியான பாட்டில் இறங்குகின்றன. அந்த இறக்கத்துக்கு முன்னால் வந்த சத்தம் தேவைதான். இரண்டாம் பக்கத்தில் அப்படி இல்லை. ஒரே மிதப்பான கீபோர்டுப் பின்னணி பலமுறை வருகிறது. வந்த இடத்திலேயே நிற்கிறது. மூன்றாம் பக்கத்தில் ஹவின் கிதார் தேடல்கள் நீளம், ஆனால் கடைசியில் வரும் நைலான் கம்பிக் கிதார் பாட்டு ஆல்பத்தின் மிக அழகான நிமிடங்களில் ஒன்று. சுற்றுப்பயணம் போகப்போக குழுவே இரண்டாம் பக்கத்தைச் சில நிகழ்ச்சிகளில் வாசிக்காமல் விட்டது.

விமர்சகர்கள் எதை எதிர்த்தார்கள்?

முதல் கச்சேரிகள் 1973 நவம்பரில், ஆல்பம் கடைக்கு வருவதற்கு முன்பே நடந்தன. கேட்டவர்களுக்கு அது எண்பது நிமிடப் புது இசை. விமர்சனங்கள் இரண்டாகப் பிரிந்தன. லண்டன் டைம்ஸில் ராபர்ட் ஷெல்டன் பாராட்டினார். யெஸ் குழுவை ஆரம்பம் முதல் ஆதரித்த மெலடி மேக்கர் இதழின் கிறிஸ் வெல்ச், ஆங்காங்கே அபாரம், ஆனால் சொல்ல வந்ததைச் சொல்ல அதிக நேரம் எடுக்கிறது, நெருக்கமும் இல்லை என்று எழுதினார். ரோலிங் ஸ்டோன் இதழில் கார்டன் ஃப்ளெட்சர் இன்னும் கடுமையாக எழுதினார்.

இந்த எதிர்ப்புக்குள் மூன்று வேறு வேறு வாதங்கள் கலந்து கிடக்கின்றன. தனித்தனியாக எடுத்தால்தான் எது நிற்கும் எது நிற்காது என்பது தெரியும்.

1. நீளம் பற்றிய வாதம். இது நிற்கிறது. குழுவுக்குள்ளேயே ஒருவர் அதை ஒப்புக்கொள்கிறார். வெல்ச் போன்ற நண்பரும் சொல்கிறார். ஆனால் இது இந்த ஆல்பத்தைப் பற்றிய தீர்ப்பு, வடிவத்தைப் பற்றியது அல்ல. இதே குழு இதே வடிவத்தில் முந்தைய ஆண்டு செய்ததில் ஒரு நிமிடம்கூட வீணில்லை.

2. வரிகள் புரியவில்லை என்ற வாதம். ஆண்டர்சனின் வரிகள் பொருளுக்காக அல்லாமல் ஒலிக்காக அடுக்கப்பட்டவை. அவரே அப்படித்தான் விளக்கியிருக்கிறார். ஆனால் உறையில் சாஸ்திரங்களைப் பற்றி எழுதிவிட்டால், கேட்பவர் பொருளைத் தேடத்தான் செய்வார். தேடிக் கிடைக்காதபோது ஏமாற்றப்பட்டதாக உணர்ந்தால் அவரைக் குறை சொல்ல முடியாது. அதே 1973இல் வந்த பிங்க் ஃப்ளாய்டின் ‘டார்க் சைட் ஆஃப் தி மூன்’ ஆல்பத்தை விமர்சகர்கள் இதைவிட நன்றாக வரவேற்றதற்கு இதுவும் காரணம். காலம், பணம், மனநிலை பிறழ்வு என்று அதன் பொருள்கள் யாருக்கும் புரியும் சொற்களில் இருந்தன. பக்கத்தில் பாடல்கள் இடைவெளியின்றி இணைந்திருந்தாலும் தனித்தனியாகவும் நின்றன.

3. ராக் இசைக்கு இது உரியதே அல்ல என்ற வாதம். மூன்றிலும் கடுமையானதும் நீண்டகாலம் நின்றதும் இதுதான். அமெரிக்காவின் க்ரீம் போன்ற பத்திரிகைகளில் எழுதிய லெஸ்டர் பேங்ஸ் முதலானவர்களுக்கு ராக் என்பது கறுப்பின அமெரிக்கர்களின் ப்ளூஸில் பிறந்தது. உடலுக்கும் தெருவுக்கும் உரியது. அதன் மேல் ஐரோப்பிய சிம்பொனியைப் போர்த்துவது, கீழே இருந்ததை மேலே தூக்குவதாகக் காட்டிக்கொண்டு அதைக் கொல்வது. எமர்சன், லேக் அண்ட் பாமர் குழுவைப் பற்றி பேங்ஸ் 1974இல் எழுதியது இந்தக் கோபத்தின் உச்சம்.

இந்த மூன்றாவது வாதத்தில் ஒரு நியாயம் உண்டு. ராக் இசைக்காரர்கள் சாஸ்திரிய இசையின் மதிப்பைக் கடன் வாங்கித் தங்களை உயர்த்திக்கொண்ட சந்தர்ப்பங்கள் இருந்தன. ஆனால் ஒரு தவறும் அதில் இருக்கிறது. ஐரோப்பிய இசை இந்த இங்கிலாந்துக்காரர்களுக்கு வெளியிலிருந்து வாங்கிப் போட்ட உடை அல்ல. ஸ்குவயர் சிறுவனாக தேவாலயப் பாடகர் குழுவில் பாடியவர். யெஸ் பாடல்களின் பல குரல் இணைப்பு அங்கிருந்து வந்தது. வேக்மேன் சிறுவயதிலிருந்தே பியானோ பயின்றவர். உண்மையைச் சொன்னால், மிசிசிப்பி ப்ளூஸ்தான் இவர்களுக்குத் தட்டில் கேட்ட தூரத்து இசை. மேல்தட்டுப் பாவனை என்ற குற்றச்சாட்டும் முழுசாகப் பொருந்தாது. ஜான் ஆண்டர்சன் லங்காஷயரின் அக்ரிங்டன் நகரத்துத் தொழிலாளர் குடும்பத்தில் பிறந்து லாரி ஓட்டியவர். அமெரிக்க இசையியலாளர் எட்வர்ட் மாக்கன் 1997இல் வெளியிட்ட ப்ராக் ராக் ஆய்வு நூலில் இந்த வேர்களை விரிவாக எடுத்துக்காட்டினார். அதற்குள் பேங்ஸின் தரப்பு இருபது ஆண்டுகளாகப் பொதுக் கருத்தாக உறைந்திருந்தது. 1976–77இல், குறுகிய, எளிய பாடல்களைக் கொண்ட பங்க் ராக் எழுந்தபோது பத்திரிகைகளுக்கு ஒரு வரலாறு தேவைப்பட்டது. இரட்டை ஆல்பமும் அட்டைப் பசுக்களும் அந்த வரலாற்றின் வில்லன்களாக வசதியாகக் கிடைத்தன.

அதற்குப் பிறகு

வேக்மேன் 1974 மே மாதம் குழுவை விட்டு விலகினார். அதே ஆண்டு இறுதியில் வந்த அடுத்த ஆல்பத்தில் யெஸ் பழைய அளவுக்கே திரும்பியது: ஒரு பக்கம் நீண்ட பாட்டு, மறுபக்கம் இரண்டு. ஒரு தட்டு, மூன்று பாட்டு.

சிடி வந்த பிறகு, அந்த வசதி அப்போதே இருந்திருந்தால் ‘டோபோகிராஃபிக்’ நல்ல பகுதிகளை மட்டும் வைத்து ஒரு மணி நேரத்துக்குள் முடிந்திருக்கும் என்று வேக்மேன் சொல்லிவந்தார். இன்று அப்படிச் செய்து பார்க்க யாருக்கும் தடையில்லை. முதல் பக்கம் முழுதாக, மூன்றாம் பக்கத்தின் கடைசி ஏழெட்டு நிமிடம், நான்காம் பக்கம் முழுதாக என்று வரிசைப்படுத்தினால் சுமார் ஐம்பது நிமிடம் வரும். இரண்டாம் பக்கத்திலிருந்து பாட்டாக நிற்கும் சில நிமிடங்களைச் சேர்த்தாலும் ஒரு மணி நேரத்தைத் தொடாது. குழுவோ 2003 மறுவெளியீட்டில் எதிர்த்திசையில் போனது. 1973இல் தட்டில் இடமில்லாமல் வெட்டப்பட்ட சுமார் இரண்டு நிமிட முன்னுரை முதல் பாட்டின் தலையில் திரும்பச் சேர்க்கப்பட்டது. அது இப்போது 22 நிமிடத்தைத் தாண்டுகிறது. முன்னுரை வந்த பிறகு, ஓதும் குரல் எங்கோ தூரத்திலிருந்து நெருங்கி வருவது போல் அமைகிறது. அந்த ஒரு பாட்டுக்கு மட்டும் நீளம் கூடியது நல்லதாகவே முடிந்திருக்கிறது.